என் மடிக்கணினி, என் ஞாயிற்றுக்கிழமை, யாருடைய நிரல்?

"உங்கள் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வாங்கி அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது."

நான் எழுதிய ஒரு சிறு மென்பொருளை விலைக்குக் கேட்டவர்களின் வழக்கறிஞர் அனுப்பிய மின்னஞ்சலின் கடைசி வரி இது. அந்த நிரலை நான் எழுதியது என்னுடைய மடிக்கணினியில், இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். நிறுவனத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றுதான் முதலில் தோன்றியது. நிரலுக்கு நிறுவனம் உரிமை கோரவில்லை என்ற கடிதத்தைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள், இரண்டு நாளில் வாங்கிவிடலாம் என்று பதில் எழுதினேன். பதினொரு வாரங்கள் ஆயின. வந்த கடிதமும் நான் கேட்ட கடிதம் அல்ல.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கிடங்குகளுக்கான மென்பொருளை உருவாக்கும் நிறுவனம் அது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எது எப்போது வெளியே போனது என்பதையெல்லாம் கணக்கில் வைக்கும் மென்பொருள். அதில் நான் அறிக்கைகள் பகுதியில் இருந்தேன். தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்து அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டுவது என் வேலை. பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பார்கோடுகளைப் படிக்கும் பகுதியை வேறொரு குழு பார்த்துக்கொண்டது. அவர்களோடு மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் எழுதியது வேறு. நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய இரவல் நூலகத்துக்காக ஒரு மென்பொருள். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்ப வேண்டும் என்று குறித்துவைப்பது அதன் முதல் பகுதி. புத்தகத்தின் பின்னட்டையைக் கைபேசியில் படமெடுத்தால் அங்கிருக்கும் பார்கோடைப் படித்து எண்ணைச் சொல்வது இரண்டாவது பகுதி. பழைய புத்தகங்களின் அட்டைகள் கசங்கியும் மங்கியும் இருக்கும், எடுக்கும் படமும் ஆடிப்போயிருக்கும். அந்தப் படங்களைத் திருத்திக் கோடுகளைப் பிரித்தெடுக்கும் வேலைதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் வைத்திருந்தது. விலைக்குக் கேட்டவர்களுக்கும் அந்தப் பகுதிமேல்தான் கண்.

நான் நம்பிக்கொண்டிருந்த விதி எளிமையானது: நேரம் என்னுடையது, கருவி என்னுடையது, எனவே நிரலும் என்னுடையது. மென்பொருள் துறையில் இருக்கும் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். கடிகாரமும் மடிக்கணினியும் கண்ணுக்குத் தெரிகிற சாட்சிகள், அதனால் மனம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. சட்டம் கேட்கும் முதல் கேள்வியோ வேறு: உன்னை எதற்காக வேலைக்கு வைத்தார்கள்? இரண்டாவது கேள்வி அதைவிடச் சங்கடமானது: எதில் கையெழுத்துப் போட்டாய்?

ஒரு சொல் விளக்கம் தேவை. 'காப்புரிமை' என்ற சொல்லைத் தமிழில் இரண்டு வெவ்வேறு உரிமைகளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். நான் இங்கே, எழுதிய நிரலின் வரிகள்மீது தானாகவே வருகிற உரிமையைப் பதிப்புரிமை என்கிறேன். கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்துப் பெறுகிற உரிமையைக் காப்புரிமை என்கிறேன். என் கதை பெரும்பாலும் பதிப்புரிமையைப் பற்றியது.

ஒப்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது சட்டம் மட்டும் என்ன சொல்லும்? இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவின் (c) உட்பிரிவில், பணி ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் தம் பணியின் போக்கில் உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே சொற்களைப் பயன்படுத்துகிறது. 'பணி நேரத்தில்' என்று இரண்டும் சொல்லவில்லை, 'பணியின் போக்கில்' என்றுதான் சொல்கின்றன. நான் பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டும் ஒன்றல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது 2021-இல் இங்கிலாந்தின் அறிவுசார் சொத்து நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு. எம்.டி.5 என்ற நிறுவனத்தில் கணினித் தடயவியல் வேலை பார்த்தவர் தொடுத்தது. காவல் துறை கைப்பற்றும் கணினியின் வன்தட்டு நகலிலிருந்து, அந்தக் கணினியை அதன் உரிமையாளர் பார்த்தபடியே திரையில் உயிர்ப்பித்துக் காட்டும் மென்பொருளை அவர் எழுதியிருந்தார். அதன் அடிப்படை முறையை அந்த நிறுவனத்தில் சேருவதற்கு முன்பே, முதுகலைப் படிப்பின்போது யோசித்திருந்தார். வேலையில் சேர்ந்த பிறகும் பெரும்பகுதியை வீட்டில், தன் சொந்தக் கணினியில், தன் நேரத்தில்தான் எழுதினேன் என்று வாதாடினார். வீட்டில் நிறைய எழுதினார் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் அந்த மென்பொருளை உருவாக்குவதே அந்தக் காலத்தில் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலையின் மையம் என்று கண்டார். அப்படியிருக்கையில் எந்த மேசையில் உட்கார்ந்து எழுதினார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. உரிமை நிறுவனத்துக்கே போயிற்று.

யோசித்தால் நியாயம் புரிகிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஒன்பது மணி, ஆறு மணி என்ற வேலி ஏற்கெனவே ஓட்டை விழுந்தது. அலுவலக வேலையை இரவு பதினொரு மணிக்கு வீட்டில் முடிப்பவர்தான் நம்மில் பலரும். அந்த நிரல் வீட்டில் எழுதப்பட்டதால் நமக்கே சொந்தம் என்று எவரும் உரிமை கொண்டாடுவதில்லை.

ஆனால் அதே தர்க்கம் மறுபக்கமும் வெட்டும். அமெரிக்காவில் 1990-களில் வந்த இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1992-இல் ஒன்று: வேதிப்பொருள் ஆலையில் ஆய்வக மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், உற்பத்தியின் நடுவே கலவைகளில் செய்ய வேண்டிய திருத்தங்களைக் கணக்கிடும் நிரல்களைத் தன் வீட்டில், தன் கணினியில், கூடுதல் ஊதியம் எதுவும் இல்லாமல் எழுதினார். தோற்றார். அந்தக் கணக்குகள் அவர் வேலையோடு ஒட்டியவை, ஆலையின் பயனுக்காகவே எழுதப்பட்டவை என்றது நீதிமன்றம். 1997-இல் மற்றொன்று: டெட்ராய்ட் மாநகராட்சியின் சட்டத் துறையில் இருந்த வழக்கறிஞர் ஒருவர், துறையின் வழக்குகளை நிர்வகிக்க வீட்டில் ஒரு மென்பொருள் எழுதினார். துறையில் அது பயன்பாட்டுக்கும் வந்தது. இருந்தும் அவர் வென்றார். அவரை வைத்திருந்தது வழக்குகளை நடத்தவும் மேற்பார்வையிடவும். மென்பொருள் எழுத அல்ல.

இரண்டு பேருக்கும் வீடு ஒன்றுதான், நேரம் ஒன்றுதான், தங்கள் அலுவலகத்துக்கு உதவியது என்பதும் ஒன்றுதான். வேறுபட்டது செய்த காரியம் அவர்கள் பதவிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இந்த அளவுகோலில் மென்பொருளாளர்கள்தாம் எப்போதும் நட்டப்படுகிறோம். வழக்கறிஞர் நிரல் எழுதினால் அது அவர் பொழுதுபோக்கு. நிரலாளர் நிரல் எழுதினால் அது அவர் வேலைபோலவே தோன்றும்.

என் விஷயத்தில் இந்த முதல் கேள்வி எனக்குச் சாதகமாகவே இருந்தது. நான் அறிக்கைப் பகுதிக்காரன். பார்கோடு படிக்க என்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை, சொல்லவும் இல்லை. நூலக இரவல் கணக்கும் என் பணியல்ல. ஒப்பந்தம் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை இரண்டு நாளில் வாங்கியிருப்பேன்.

ஒப்பந்தம் இருந்தது. வேலையில் சேர்ந்த நாளன்று இருபத்தைந்து பக்கங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது, படித்தது நினைவில்லை. வழக்கறிஞரின் மின்னஞ்சலுக்குப் பிறகுதான் முதன்முறையாகப் படித்தேன். படைப்புகளின் உரிமையைப் பற்றிய பத்தியைத் தமிழில் சுருக்கினால் இப்படி வரும்: பணிக்காலத்தில் நான் தனியாகவோ பிறருடனோ உருவாக்கும், நிறுவனத்தின் தற்போதைய அல்லது திட்டமிடப்பட்ட தொழிலோடு தொடர்புடைய எல்லாப் படைப்புகளிலும் எனக்குள்ள உரிமையை இதன்மூலம் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கிறேன், முற்றிலும் என் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளையோ ரகசியங்களையோ பயன்படுத்தாமல், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாமல் உருவாக்கியவை இதில் சேரா.

இதில் மூன்று சொற்களை நான் நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டியிருந்தது. முதலாவது, 'எழுதிக்கொடுக்கிறேன்'. 'எழுதிக்கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று இருந்தால் கதை வேறு. கிரைய ஒப்பந்தத்துக்கும் கிரையப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு அது. முன்னது 'விற்பேன்' என்ற வாக்கு, பின்னது விற்றேவிட்டது. இந்த ஒரு வினைச்சொல்லில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமே தோற்றிருக்கிறது. 1988-இல் அங்கே சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தம் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதிப்பதாகக் கையெழுத்திட்டார். பிறகு பி.சி.ஆர். முறையைக் கற்றுக்கொள்வதற்காக சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் போனார். அங்கே உள்ளே நுழையும்போது ஒரு பார்வையாளர் படிவம். அதில் 'இதன்மூலம் எழுதிக்கொடுக்கிறேன்' என்று இருந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியின் அளவைக் கணக்கிடும் முறைக்குப் பின்னாளில் காப்புரிமை கிடைத்தபோது, சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை வாங்கியிருந்த ரோஷ் நிறுவனம் எங்களுக்கும் பங்குண்டு என்று நின்றது. வாக்கு முந்தியது, பத்திரம் பிந்தியது. ஆனாலும் பத்திரமே வென்றது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் ஸ்டான்ஃபோர்டால் அதை மாற்ற முடியவில்லை.

என் ஒப்பந்தம் பத்திர வகை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எழுதி முடிக்கிற வரி, தொழிலோடு தொடர்புடையது என்றால், எழுதி முடித்த நொடியிலேயே கைமாறிவிடும் என்பது அதன் நோக்கம். இந்தியச் சட்டம் இதற்கு ஓரளவு இடங்கொடுக்கிறது: இன்னும் பிறக்காத படைப்பையும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கலாம், ஆனால் படைப்பு உருவான பிறகே அது செயலுக்கு வரும் என்கிறது 18-ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு சில கட்டுப்பாடுகளையும் வைக்கிறது. எழுதிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்ளும். 'எல்லாப் படைப்புகளும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பத்தி இந்தக் கட்டுப்பாடுகளைத் தாண்டுமா என்று வாதாட இடமிருக்கிறது. வாதாட இடமிருப்பதும் வாங்குபவர் பணம் கொடுப்பதும் வேறு வேறு என்பதை அந்த வழக்கறிஞர் எனக்கு மென்மையாகவே சொன்னார்.

"நீங்கள் வழக்கில் வெல்லக்கூடும். ஆனால் நாங்கள் வழக்கை வாங்க வரவில்லை, மென்பொருளை வாங்க வந்திருக்கிறோம்."

இரண்டாவது சொல், 'தொடர்புடைய'. பல ஒப்பந்தங்களில் இந்தச் சொல் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2870-ஆவது பிரிவைப் பார்த்து எழுதப்படுகிறது. 1979-இல் இயற்றப்பட்ட அந்தப் பிரிவு, ஊழியர் முற்றிலும் தம் சொந்த நேரத்தில், முதலாளியின் கருவிகள், பொருட்கள், வசதிகள், தொழில் ரகசியங்கள் எதையும் பயன்படுத்தாமல் உருவாக்கியதை எழுதிவாங்க முடியாது என்கிறது. ஊழியருக்கு ஆதரவான சட்டம் என்று இதைப் பலரும் கொண்டாடுகிறார்கள். விதிவிலக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அந்தக் கண்டுபிடிப்பு, யோசித்தபோதோ செயல்வடிவம் பெற்றபோதோ, முதலாளியின் தொழிலோடு தொடர்புடையதாக இருந்தால், அல்லது அவர்கள் மேற்கொண்டிருக்கும் அல்லது மேற்கொள்வார்கள் என்று காட்டக்கூடிய ஆய்வோடு தொடர்புடையதாக இருந்தால், இந்தப் பாதுகாப்பு கிடையாது. முதலாளிக்காகச் செய்த வேலையிலிருந்து விளைந்ததென்றாலும் கிடையாது. வாஷிங்டன், இல்லினாய் மாநிலங்களிலும் இதேபோன்ற சட்டங்கள் உண்டு.

கவனிக்க வேண்டியது, இங்கே கேட்கப்படுவது என் பணி அல்ல, நிறுவனத்தின் தொழில். முதல் கேள்விக்கு 'நான் அறிக்கைப் பகுதிக்காரன்' என்பது நல்ல பதில். இந்தக் கேள்விக்கு அது பதிலே அல்ல. கிடங்கு மென்பொருள் நிறுவனம் பார்கோடு படிக்கிறது, நானும் பார்கோடு படித்தேன், தீர்ந்தது. பத்துத் தொழில்கள் நடத்தும் பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு இந்தச் சொல் எவ்வளவு அகலமாக விரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

எழுதப்படாத யோசனையையும் இந்தச் சொல் பிடித்துவிடும். டி.எஸ்.சி. கம்யூனிகேஷன்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 1987-இல் சேர்ந்த பொறியாளர் ஒருவர், பழைய இயந்திரக் குறியீட்டை மனிதர் படிக்கக்கூடிய உயர்மொழி நிரலாக மாற்றும் வழி தன் தலையில் இருக்கிறது, அது தனக்கே சொந்தம் என்று சொன்னார். நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது. 1997-இல் வேலை போயிற்று, வழக்கு நடந்தது. தலையில் இருந்ததைத் தாளில் விவரித்துக் காட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு நிறுவனத்துக்கே தீர்ப்பும் சொன்னது. 2004-இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டெக்சாஸில் கலிஃபோர்னியாவைப்போன்ற பிரிவு கிடையாது. இருந்திருந்தாலும் நிறுவனத்தின் பழைய நிரல்களோடு தொடர்புடைய யோசனை என்பதால் அவருக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பது எனக்குச் சந்தேகமே.

மூன்றாவது சொல், 'முற்றிலும்'. 'முற்றிலும் என் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளைப் பயன்படுத்தாமல்.' இதில் எனக்குக் கவலையே இல்லை என்று நினைத்தேன். நிறுவனத்தின் சட்டப் பிரிவு என்னிடம் கேட்ட முதல் ஆவணம் நிரலின் வரலாறு. வீட்டில் உட்கார்ந்து, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் git என்ற கருவியில் இந்தக் கட்டளையை இட்டேன்:

```
git log --reverse --format='%h %ad %ae' --date=iso
```

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் அடையாளம், நாள், நேரம், செய்தவரின் மின்னஞ்சல் முகவரி. முந்நூற்றுச் சொச்சம் வரிகளில் ஏறக்குறைய எல்லாமே இரவு நேரங்கள், எல்லாமே என் சொந்த முகவரி. நடுவில் இப்படி ஒரு இடம்:

```
4e1b7c0 2022-03-05 22:41:10 +0530 me@home.example
a93d52f 2022-03-09 13:12:47 +0530 me@office.example
```

(முகவரிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) மார்ச் 9, புதன்கிழமை, மதியம் ஒன்று பன்னிரண்டு. அன்று என்ன நடந்தது என்பது நினைவுக்கு வந்தது. இரவல் தேதி தவறாகக் காட்டுகிறது என்று நூலக நண்பர் செய்தி அனுப்பினார். கையில் இருந்தது அலுவலக மடிக்கணினி. உணவு இடைவேளையில் நான்கு வரிகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு சாப்பிடவும் போனேன்.

அந்த நான்கு வரிகளால், தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரவல் பகுதிக்கும் 'முற்றிலும்' என்ற சொல் பொருந்தாமல் போய்விட்டது.

வரலாற்றைத் திருத்தி எழுதிவிடலாமா என்று அன்றிரவு ஒரு கால்மணி நேரம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. `git rebase` இட்டு அந்த முகவரியையும் நேரத்தையும் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. நூலக நண்பரின் கணினியில் பழைய நகல் இருந்தது, களஞ்சியச் சேவையகத்தில் அனுப்பிய நேரம் தனியே பதிந்திருந்தது என்பதெல்லாம் பிறகு வந்த காரணங்கள். முதல் காரணம், பிடிபட்டால் நான்கு வரிப் பிரச்சினை பொய்ச் சான்றுப் பிரச்சினையாக மாறும் என்ற பயம். இப்படி எளிதில் மாற்றக்கூடியது என்பதாலேயே இந்த வரலாறு நமக்குச் சாதகமாகவும் தனித்துப் பெரிய சான்றாகாது. எதிரான வரியை எல்லோரும் நம்புவார்கள், சாதகமான வரிக்கு வேறு துணைச்சான்று கேட்பார்கள்.

தேடப்போன இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது. புத்தகத்தின் பின்னட்டை எண் பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஒன்றுவிட்டு ஒன்று இலக்கங்களைக் கூட்டி, நடுவில் விட்டவற்றை மூன்றால் பெருக்கிச் சேர்த்தால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். கிடங்குப் பெட்டிகளின் பதின்மூன்று இலக்க எண்ணுக்கும் இதே விதிதான். அந்தச் சரிபார்ப்பு நிரலை நான் அலுவலகக் கோப்பு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன்; மாறிகளின் பெயர்கள்கூட அவர்களுடையவை. விதி பொதுவானது, யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் அந்த வரிகள் நிறுவனத்தின் பதிப்புரிமை. விதியை மட்டும் பார்த்து நான் புதிதாக எழுதியபோது அது இவ்வளவுதான்:

```
def check_ok(code):
    d = [int(c) for c in code]
    return (sum(d[0::2]) + 3 * sum(d[1::2])) % 10 == 0
```

மூன்று வரி. இதை எழுதச் சோம்பல்பட்டு ஒட்டியதற்கு ஒரு வாரம் விளக்கம் எழுதினேன்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருப்பதாக நினைத்திருந்தேன். மங்கிய படத்தைத் திருத்தும் நிரலின் முதல் வடிவத்தை இந்த நிறுவனத்தில் சேருவதற்கு நான்கு மாதங்கள் முன்பே எழுதியிருந்தேன். பணிக்காலத்துக்கு முந்தியது, ஆகவே பத்தியில் சேராது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் புரட்டினேன். 'ஊழியர் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் படைப்புகள்' என்று ஒரு தலைப்பு, கீழே ஏழெட்டுக் கோடுகள். அவற்றின் குறுக்கே என் கையெழுத்திலேயே 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. அரைகுறையாகக் கிடந்த இருநூறு வரி நிரலை ஒரு படைப்பு என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி எழுதியதால் உரிமை தானாகப் போய்விடாது, ஆனால் அதை நிலைநாட்ட என் சொல்லையே நான் மறுக்க வேண்டியிருக்கும். தலைப்பும் இரண்டு வரி விவரிப்பும் எழுதியிருந்தால் போதும், நிரலைக் காட்டக்கூட வேண்டியதில்லை.

மேலாளர் நல்ல மனிதர். முதல் வாரத்திலேயே, "இதெல்லாம் உங்கள் சொந்த விஷயம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். அதை நம்பி நான்கு நாட்கள் நிம்மதியாக இருந்தேன். அவருடைய வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. நிறுவனத்தின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. உரிமை ஏற்கெனவே நிறுவனத்துக்குப் போயிருந்தால் அது திரும்ப வருவதற்கும் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், அதுவும் கையெழுத்திட அதிகாரம் உள்ளவருடையது.

வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்ட கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டியிருந்தன. மென்பொருளின் பெயரும், அது என்ன செய்கிறது என்பதும், எந்த மாற்றம் வரைக்கும் உள்ள வடிவம் என்பதும் முதலாவது. நிறுவனம் அதன்மேல் உரிமை கோரவில்லை என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நான் யோசிக்காதது: ஒருவேளை ஏதாவது உரிமை நிறுவனத்துக்கு வந்திருந்தால் அதையும் இதன்மூலம் எனக்கே எழுதிக்கொடுக்கிறது என்ற வாக்கியம். 'கோரவில்லை' என்பது இன்றைய மனநிலை. நாளை நிறுவனம் கைமாறினால் புதிய முதலாளியின் மனநிலை மாறலாம். எழுதிக்கொடுத்தது மாறாது. அந்த வினைச்சொல் இந்த முறை எனக்குச் சாதகமாக வேலை செய்ய வேண்டியிருந்தது.

பதினோராவது வாரம் கடிதம் வந்தது. இரவல் கணக்குப் பகுதியை, மார்ச் 9-ஆம் தேதியின் நான்கு வரிகள் உட்பட, எனக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒட்டிய சரிபார்ப்பு நிரலை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதியதை ஏற்றுக்கொண்டார்கள். படத்திலிருந்து பார்கோடு படிக்கும் பகுதி நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையது, ஆகவே நிறுவனத்தின் சொத்து என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். முன்பே எழுதிய இருநூறு வரிகளைப் பற்றிக் கேட்டேன். பின்னிணைப்பின் நகலை இணைத்து அனுப்பினார்கள், வேறு விளக்கம் இல்லை. வழக்குத் தொடுத்தால் அந்த இருநூறு வரிகளை நான் மீட்டிருக்கலாம். அவற்றின்மேல் எழுந்த மீதி நாலாயிரம் வரிகள் இல்லாமல் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

வாங்க வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்களுக்கு இரவல் கணக்கு தேவையில்லை.

அதே நிரலை நினைவிலிருந்து வேறு விதமாகத் திரும்ப எழுதலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அதே நிறுவனத்தில் அதே ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும்வரை எத்தனை முறை எழுதினாலும் அது அதே பத்திக்குள்தான் விழும். நூலகத்துக்கு இப்போது `zbar` என்ற கட்டற்ற மென்பொருளை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். தெளிவான அட்டைகளை அது நன்றாகவே படிக்கிறது. கசங்கிய அட்டை வந்தால் பதின்மூன்று இலக்கங்களையும் நண்பர்கள் கையால் தட்டச்சு செய்கிறார்கள். என் பழைய நிரல் நிறுவனத்தின் களஞ்சியத்தில் ஒரு கோப்புறையில் இருக்கிறது. பார்கோடு குழுவில் இருப்பவரிடம் சென்ற மாதம் கேட்டேன். அதை இதுவரை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றார்.